ஒரு சாலை, மூன்று வாசிப்புகள்: நல்ல சமாரியன் உவமை

இறையியல் முதலாண்டு மாணவர்க்கு நேர்பொருள் வாசிப்பு, உருவக வாசிப்பு, வரலாற்றுத் திறனாய்வு வாசிப்பு என்னும் மூன்றும் பெரும்பாலும் வரையறைகளாகவே அறிமுகமாகின்றன. ஒரே பகுதியை மூன்று வழியிலும் வாசித்துப் பார்த்தால் அவற்றின் வேறுபாடு தெளிவாகும். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமை அதற்கு ஏற்றது.

நேர்பொருள் வாசிப்பு சொற்களையும் கதையின் போக்கையும் பின்பற்றுகிறது. நேர்பொருள் என்பதனால் இந்நிகழ்ச்சி உண்மையில் நடந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. உவமையை உவமையாகவே வாசிப்பதும் நேர்பொருளே. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் சென்ற ஒருவன் கள்வரிடம் அகப்பட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறான். ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிச் செல்ல, சமாரியன் ஒருவன் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். இக்கதையைத் தூண்டியது, தனக்குப் பிறன் யார் என்னும் நியாயசாஸ்திரியின் வினா. ஆனால் கதை முடிந்தபின் இயேசு எழுப்பும் வினா வேறு: அடிபட்டவனுக்குப் பிறனாக ஆனவன் யார்? அன்புக்கு உரியவன் யார் என்பதிலிருந்து அன்பு செய்பவன் யார் என்பதற்கு வினா இடம் மாறுகிறது. கூர்ந்து வாசிக்கும் எவர்க்கும் இது மூலத்திலேயே புலப்படும்.

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன், தமக்கு முந்திய மூப்பர் ஒருவரின் விளக்கம் என்று கூறி வேறொரு பொருளை முன்வைத்தார். இறங்கிச் செல்பவன் ஆதாம், எருசலேம் பரதீசு, எரிகோ உலகம், ஆசாரியன் திருச்சட்டம், லேவியன் இறைவாக்கினர், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. அகுஸ்தீனும் இவ்வழியிலேயே சென்றார். பிரான்சின் சார்த்ரு பேராலயத்துக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் இவ்வுவமையும் ஆதாம் ஏவாள் கதையும் சேர்ந்தே தீட்டப்பட்டுள்ளன.

இவ்வாசிப்பின் வலிமை, வாசகனைச் சமாரியன் இடத்தில் அன்றி அடிபட்டவன் இடத்தில் நிறுத்துவது. அதன் தளர்ச்சி இரண்டு தெனாரியத்தில் வெளிப்படுகிறது. ஒரிகேனுக்கு அவை பிதாவும் குமாரனும். அகுஸ்தீனுக்கு அன்பின் இரு கட்டளைகள். எது சரியென முடிவு செய்ய மூலத்தில் எந்தச் சான்றும் இல்லை. இதனால் கால்வின் இவ்வுருவகத்தை மறுத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூலிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர், உவமையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பொருள் தேடலாகாது என்று விரிவாக வாதிட்டார்.

வரலாற்றுத் திறனாய்வு வேறு வினாக்களைக் கேட்கிறது. தலையாய கட்டளை பற்றிய உரையாடல் மாற்கு 12ஆம் அதிகாரத்திலும் உண்டு. உவமையோ லூக்காவில் மட்டுமே உள்ளது. ஆகவே அவ்வுரையாடலோடு உவமையை இணைத்தவர் லூக்காவாக இருக்கக்கூடும். யூதர்க்கும் சமாரியர்க்கும் இடையிலான பகைக்கும் வரலாறு உண்டு: கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானு கெரிசீம் மலையிலிருந்த சமாரியர் கோவிலை அழித்தார். இதற்கும் முந்திய எதிரொலி 2 குறிப்பேடு 28ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே சமாரியாவைச் சேர்ந்தோர், சிறைப்பட்ட யூதா நாட்டாரை உடுத்தி, எண்ணெய் பூசி, நலிந்தோரைக் கழுதைகளில் ஏற்றி எரிகோவில் சேர்க்கின்றனர். உவமையின் எண்ணெயும் வாகனமும் எரிகோவும் அங்கே முன்பே உள்ளன.

இவ்வாசிப்பிலும் வழுக்குமிடம் உண்டு. பிணத்தீட்டுக்கு அஞ்சியே ஆசாரியன் விலகினான் என்பது பரவலான விளக்கம். லேவியர் 21 அதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் அடிபட்டவன் இறக்கவில்லை. ஆசாரியன் எருசலேமிலிருந்து இறங்கியே செல்கிறான். கோவில் பணிக்கு ஏறிச் செல்லவில்லை. புதைப்பாரற்ற பிணத்தைத் தலைமை ஆசாரியனும் அடக்கம் செய்யலாம் என்பதே மிஷ்னாவின் நெறி. லூக்காவோ தீட்டைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. வரலாற்றின் பெயரால் வந்த இவ்விளக்கம், இரு மனிதரின் இரக்கமின்மையை யூத சமயத்தின் குற்றமாக்கிவிடுகிறது. இரண்டு தெனாரியத்துக்கு உருவகம் செய்ததையே இது ஆசாரியனுக்குச் செய்கிறது: மூலம் சொல்லாததை மூலத்தில் ஏற்றுகிறது.

எனவே எவ்வழியில் வாசிப்பினும் மாணவர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இப்பொருளுக்கு மூலத்திலோ அதன் காலத்துச் சான்றிலோ எங்கே இடம் உள்ளது?