லாரி முன் டயர் ஒரு பக்கமா தேயுதா? கையால தடவிப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்!

கனரக லாரியில் முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், பெரும்பாலும் டயரை விட அலைன்மென்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த பிறகு டயரைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆனால், அதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

3 மி.மீ. விலகினால் என்ன ஆகும்?

மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட நேராக இருக்கணும். முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கி என்றால் டோ-அவுட்.

லாரி டயரின் விட்டம் சுமார் 1 மீட்டர். அதில் ஒரு சக்கரம் 3 மி.மீ. திரும்பியிருந்தால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். 400 கி.மீ. ஓடினால் 1,200 மீட்டர்! ரப்பர் தேயாமல் என்ன செய்யும்?

எப்படித் தடவிப் பார்ப்பது?

வண்டியை நிறுத்தி, டயர் சூடு ஆறியதும், கம்பி, ஆணி நீட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டயரின் மேல் குறுக்காக உள்ளங்கையால் தடவுங்கள்.

வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழன்னும், உள்ளேயிருந்து வெளியே வரும்போது சுரசுரன்னும் இருந்தால் டோ-இன் அதிகம். இதுவே தலைகீழாக இருந்தால் டோ-அவுட். இரண்டு முன் டயரிலும் ஒரே மாதிரி இருந்தால் டோ பிரச்னை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முன் டயரைத் தின்னும் பின் ஆக்சில்

ஒரு லாரியில் வலது டயர் வெளி ஓரமும், இடது டயர் உள் ஓரமும் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் ரோட்டிலும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே டோவை மட்டும் சரிசெய்தால் புது டயரும் அதேபோல போய்விடும்.

இதில் சந்தேகிக்க வேண்டியது பின் ஆக்சிலை. பட்டையின் சென்டர் போல்ட் உடைந்தாலோ, யூ போல்ட் தளர்ந்தாலோ ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பின் சக்கரங்கள் வண்டியை ஒரு பக்கம் தள்ள, டிரைவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடிக்க, நடுவில் மாட்டிக்கொள்வது முன் டயர்.

முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். அளவு வித்தியாசப்பட்டால் முதலில் ஆக்சிலைச் சரிசெய்யணும்.

இதையும் கவனிங்க

இரண்டு ஓரமும் சேர்ந்து தேய்ந்தால் காற்று குறைவாக இருக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். கிங்பின், வீல் பேரிங், டை ராடு ஆட்டம் இருக்கும்போது அலைன்மென்ட் செய்தாலும் அந்த அளவு நிற்காது. அதனால் ஆட்டத்தைச் சரிசெய்துவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போவதே சரி.