கோடிட்ட இடமும் அதன் அண்டைச் சொற்களும்

‘கல்’ என்னும் வேர்ச்சொல்லின் வினையெச்சத்தைத் தேர்ந்தெடுக்க என்று ஒரு வினா. கீழே கற்றான், கற்று, கற்ற, கற்றல் என நான்கு விடைகள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில், வேர்ச்சொல்லைக் கொடுத்து வினைமுற்று, வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் உருவாக்கல் என்று தனித் தலைப்பே இடம்பெற்றதுண்டு. ஒரே வேரைப் பெயராக்குவது, பெயருக்கு அடையாக்குவது, வினைக்கு அடையாக்குவது ஆகிய மூன்று வேலைகளும் இவ்வகை வினாக்களில் அடங்கிவிடுகின்றன. தொழிற்பெயரும் வினையாலணையும் பெயரும் முதல் வேலையைச் செய்கின்றன. பெயரெச்சம் இரண்டாவதையும் வினையெச்சம் மூன்றாவதையும் செய்கின்றன.

மாணவர்கள் இதற்கு ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். உகரத்தில் முடிந்தால் வினையெச்சம், அகரத்தில் முடிந்தால் பெயரெச்சம், ‘தல்’ வந்தால் தொழிற்பெயர். பாதி வினாக்களுக்கு இது போதும். மீதிப் பாதியில் இதுவே காலை வாரிவிடுகிறது. சொல்லின் ஈறு அதன் வகையைத் தனியே முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்பவை அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள். எனவே இவ்வகை வினாவைக் கற்பிப்பதும் எடுப்பதும் வாக்கியத்தை வைத்தே நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் வேர் எது என்று தெளிவோம். தேவநேயப் பாவாணர் தம் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் வேர் என்று காட்டுவது சொற்குடும்பம் முழுவதற்கும் அடியில் கிடக்கும் மூலத்தை. தேர்வுத்தாள் வேர்ச்சொல் என்பது அவ்வளவு ஆழத்தில் இல்லை. நன்னூல் பதவியலில் பகுபத உறுப்புகள் ஆறனுள் முதலாவதாக வரும் பகுதியே அது. வினைச்சொல்லில் அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எதிரில் நிற்பவனை ஏவிப் பார்ப்பது. வந்தான் என்பவனை ‘வா’ என்கிறோம். நின்றவனை ‘நில்’ என்றும், கேட்டவனை ‘கேள்’ என்றும், கற்றவனை ‘கல்’ என்றும் ஏவுகிறோம். ஏவலில் எது நிற்கிறதோ அதுவே பகுதி. இப்படி ஏவிப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வெட்டுகிறவர்கள் நின்றான் என்பதற்கு ‘நின்’ என்றும், கண்டான் என்பதற்குக் ‘கண்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். கண்டான் என்பதில் ‘காண்’ என்னும் பகுதி குறுகி நிற்கிறது.

வேர் கிடைத்தபின் எச்சங்களுக்கு வருவோம். எஞ்சி நிற்பதால் எச்சம். பெயரைக் கொண்டு முடிந்தால் பெயரெச்சம், வினையைக் கொண்டு முடிந்தால் வினையெச்சம். ஆகவே எச்சத்தின் இலக்கணமே அதற்குப் பின்னால் வரும் சொல்லில்தான் இருக்கிறது. ஈற்றை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அகரமே சான்று. பாடிய, நின்ற, நல்ல, பெரிய ஆகியவை அகரத்தில் முடியும் பெயரெச்சங்கள். பாட, நிற்க, மெல்ல ஆகியவையும் அகரத்தில்தான் முடிகின்றன. ஆனால் இவை வினையெச்சங்கள். பாடிய பாட்டு, பாட வந்தான். நல்ல பையன், மெல்ல வந்தான். ‘நல்ல’ என்பதையும் ‘மெல்ல’ என்பதையும் ஈற்றால் பிரிக்கவே முடியாது.

இன்னும் நெருங்கிப் பார்க்க ‘செய்ய’ என்ற ஒரு சொல் போதும். ‘செய்யத் தொடங்கினான்’ என்னும்போது அது ‘செய்’ என்னும் வினையிலிருந்து வந்த வினையெச்சம். ‘செய்ய தாமரை’ என்னும்போது செம்மை என்னும் பண்பிலிருந்து வந்த குறிப்புப் பெயரெச்சம். சிவந்த தாமரை என்று பொருள். எழுத்து எழுத்தாக ஒரே சொல், வேர் மட்டும் இரண்டு. பின்னால் வரும் சொல்லை மறைத்துவிட்டால் எந்தப் புலவராலும் இதற்கு விடை சொல்ல முடியாது.

இவ்விரு தொடர்களையும் மீண்டும் பாருங்கள். ‘செய்யத் தொடங்கினான்’ என்பதில் த் மிகுந்திருக்கிறது. ‘செய்ய தாமரை’ என்பதில் மிகவில்லை. அகர ஈற்று வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும், அகர ஈற்றுப் பெயரெச்சத்தின் பின் மிகாது. மெல்லப் பேசினான், நல்ல பேச்சு. பாடப் போனான், பாடிய பாட்டு. ஒற்றுமிகல் விதிகளை எழுத்துப்பிழைப் பாடமாகவே பெரும்பாலும் நடத்துகிறோம். சொல்லின் வகையைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளமும் அவற்றில் இருக்கிறது. உகர ஈற்றில் மட்டும் ஒரு கவனம் தேவை. ‘கற்றுக் கொடுத்தார்’ என வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் மிகும். ‘நின்று பேசினார்’ என மென்தொடரின் பின் மிகாது. ஆகவே ஒற்று மிகவில்லை என்பதால் மட்டும் ஒரு சொல்லைப் பெயரெச்சம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வினா எடுப்பவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கோடிட்ட இடத்தை அடுத்து ‘க் கொடுத்தார்’ என்று ஒற்றோடு அச்சிட்டால் பாதி விடையை அவரே சொல்லிவிடுகிறார்.

பின்னால் வரும் சொல் என்றால் ஒட்டி நிற்கும் சொல் என்று கொள்ளக் கூடாது. ‘கற்று நேற்றே மறந்த பாடம்’ என்னும் தொடரில் ‘கற்று’ என்பதை அடுத்து ‘நேற்றே’ நிற்கிறது. எச்சம் அதைத் தாண்டிப் போய் ‘மறந்த’ என்பதைக் கொண்டு முடிகிறது. ‘மறந்த’ என்பது தன் பங்குக்குப் ‘பாடம்’ என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. எதை, யார், எப்போது என்ற சொற்களையெல்லாம் விலக்கிவிட்டு, இந்த எச்சம் எதைத் தேடிப் போகிறது என்று கேட்பதே சரியான முறை.

இனி முன்னால் நிற்கும் சொல். தமிழில் சில வேர்கள் ஒரே வடிவில் தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கின்றன. ‘சேர்’ என்பதிலிருந்து சேர்ந்து, சேர்ந்த என்றும் வரும். சேர்த்து, சேர்த்த என்றும் வரும். உடை, எரி, அடை, கெடு ஆகியவையும் இப்படியே. ‘சேர் என்பதன் பெயரெச்சம் தருக’ என்று மட்டும் கேட்டால் சேர்ந்த, சேர்த்த என்னும் இரண்டும் சரி. வாக்கியம் கொடுத்தால் ஐயம் தீர்ந்துவிடுகிறது. ‘பள்ளியில் ____ மாணவன்’ என்றால் சேர்ந்த. ‘மகனைப் பள்ளியில் ____ தந்தை’ என்றால் சேர்த்த. மகனை என்னும் இரண்டாம் வேற்றுமைச் சொல்தான் விடையைத் தீர்மானிக்கிறது.

பெயராக்கும் வினாவிலும் முன்சொல்லே வழிகாட்டி. ‘கல்’ என்னும் வேரிலிருந்து கற்றல், கல்வி என்று இரு தொழிற்பெயர்கள் வருகின்றன. இலக்கண நூல் இரண்டையும் விகுதி பெற்ற தொழிற்பெயர் என்றே சொல்லும். ஒன்றில் தல் விகுதி, மற்றதில் வி விகுதி. வாக்கியத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றில்லை. ‘தமிழை விரைவாகக் கற்றல்’ என்று சொல்கிறோம். ‘தமிழை விரைவாகக் கல்வி’ என்று சொல்வதில்லை. தமிழ்க் கல்வி, நல்ல கல்வி என்கிறோம். கற்றல் என்பது பெயரான பின்னும் வினைக்குரிய செயப்படுபொருளையும் வினைக்குரிய அடையையும் ஏற்கிறது. கல்வி முழுப் பெயராகிவிட்டதால் பெயருக்குரிய அடையை மட்டுமே ஏற்கிறது. கேட்டல், கேள்வி என்பவற்றிலும், காணல், காட்சி என்பவற்றிலும் இதே பிரிவைக் காணலாம்.

திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி. தலைப்புகளே தொழிற்பெயர்ப் பாடமாக அமைந்திருக்கின்றன. கல்வி, கல்லாமை என்னும் இரண்டும் ஒரே வேரின் உடன்பாடும் எதிர்மறையும். எதிர்மறையைக் கேட்கும் வினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இப்போது ஒரு முழு வினாவை எடுத்துக்கொள்வோம். வேர் ‘கெடு’. வாக்கியம்: ‘வெயிலில் வைத்ததால் ____ பாலைக் கொட்டிவிட்டார்கள்.’ விடைகள்: கெட்டு, கெடுத்த, கேடு, கெட்ட.

கோடிட்ட இடத்தை அடுத்துப் பாலை என்னும் பெயர் நிற்கிறது. அதற்கு முன் ‘வைத்ததால்’ என்னும் காரணச் சொல் நிற்பதால், நாம் நிரப்பப் போகும் சொல் அந்தக் காரணத்தை ஏற்க வேண்டும்; பாலுக்கு அடையாகவும் நிற்க வேண்டும். ‘கேடு’ முதனிலை திரிந்த தொழிற்பெயர். வெறும் பெயரான அது ‘வைத்ததால்’ என்பதை ஏற்காது, பாலுக்கு அடையாகவும் வராது. ‘கெட்டு’ வினையெச்சம், அது பாலைத் தாண்டிக் ‘கொட்டிவிட்டார்கள்’ என்னும் வினையிடம் போய்விடும். அப்படிப் போனால் கெட்டவர்களும் கொட்டியவர்களும் ஒருவரே என்றாகும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் பெரும்பாலும் எழுவாய் மாறாமலே முடியும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்ற தொடர்கள் விலக்காக உண்டு. காரணமும் விளைவும் நேரே ஒட்டி நிற்கும் இடங்களில்தான் அவை பொருந்தும். எஞ்சியவை கெடுத்த, கெட்ட என்னும் இரு பெயரெச்சங்கள். எதையோ ஒன்றைப் பால் கெடுத்தது என்று கொள்ள வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. பால்தான் கெட்டது. ஆகவே விடை ‘கெட்ட’. ஒவ்வொரு தவறான விடையும் வாக்கியத்தின் ஒவ்வோர் இடத்தில் முட்டிக்கொண்டு விலகுகிறது. நல்ல வினாவுக்கு இதுவே அடையாளம்.

இதே வேரை வாக்கியமின்றிக் கொடுத்து ‘வினையெச்சம் தருக’ என்றிருந்தால் கெட்டு, கெடுத்து, கெட, கெடுக்க, கெட்டால் எல்லாமே சரி. வினையெச்ச வாய்பாடுகளாக நன்னூல் 12 சொல்கிறது. ஒன்றை மட்டும் சரி என்று மதிப்பெண் கொடுப்பது எப்படி நியாயம்? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் இந்தக் குறை மறைந்திருக்கும். எழுதிக் காட்டும் தாளில், சரியாக எழுதிய பிள்ளை விடைக்குறிப்பில் அந்தச் சொல் இல்லாததால் மதிப்பெண்ணை இழக்கும்.

வினையாலணையும் பெயருக்கும் வாக்கியம் வேண்டும். ‘ஊருக்கு வந்தார்’ என்பதில் வந்தார் வினைமுற்று. ‘வந்தாரை வரவேற்றோம்’ என்பதில் அதே வந்தார் வேற்றுமை உருபை ஏற்று வினையாலணையும் பெயராகிறது. இதில் முடிவு செய்வது ‘ஐ’ என்னும் ஓர் உருபு. வந்தார், கற்றார், சென்றார் என்று உருபின்றி விடைகளை அடுக்கிவிட்டு ‘இவற்றுள் வினையாலணையும் பெயர் எது’ என்று கேட்பது வினாவே ஆகாது.

வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்கள் மூன்றைச் செய்தால் போதும். வேரோடு ஒரு முழு வாக்கியம் கொடுக்க வேண்டும். தன்வினை, பிறவினை இரண்டுக்கும் பொதுவான வேர் என்றால் செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தாளை அச்சுக்கு அனுப்புமுன் நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகக் கோடிட்ட இடத்தில் வைத்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு விடைகள் தடையின்றிப் பொருந்தினால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். மாணவரும் அட்டவணையைத் தேடாமல், இந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது, இதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பழகினால், கட்டுரை எழுதும்போதும் ‘படித்து புத்தகம்’ என்றோ ‘தமிழைக் கல்வி’ என்றோ அவர் கை எழுதாது.