கிளிங்கர் கணக்கு: அரியலூர் சிமென்ட் ஆலைகளும் மாதத் திட்டக் கூட்டமும்

அரியலூர், பெரம்பலூர் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான் இப்பகுதிக்கு ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு ஆகிய தனியார் ஆலைகளையும் அரசின் டான்செம் ஆலையையும் கொண்டுவந்தது. விற்பனை, உற்பத்தி, நிதி என்ற மூன்று துறைகளையும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்காரவைக்கும் 'எஸ் அண்ட் ஓ.பி.' கூட்டத்தை ஆராய, சிமென்டைப் போலத் தோதான தொழில் வேறில்லை. இக்கூட்டம் மூட்டைக் கணக்கைப் பேசுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். சிமென்ட் ஆலையில் அது பேச வேண்டியது கிளிங்கர் கணக்கை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் எளிது. அரைத்து மூட்டையில் அடைத்த சிமென்ட் மூன்று மாதம் தாண்டினால் வலு குறையத் தொடங்கும். சூளையிலிருந்து உருண்டையாக வெளிவரும் கிளிங்கரோ நனையாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். சூளையை நினைத்தபோது அணைத்து ஏற்றவும் முடியாது. உள்ளே பதித்த வெப்பச் செங்கல் விரிசல் விட்டுவிடும். ஆக, ஏறி இறங்கும் சந்தைக்கும் ஒரே சீராக எரியும் சூளைக்கும் இடையில் நிற்பது கிளிங்கர் இருப்பு ஒன்றுதான்.

1980-களில் அமெரிக்க ஆலோசகர் டிக் லிங் போன்றோர் வடிவமைத்த எஸ் அண்ட் ஓ.பி. முறைப்படி, முதலில் போன மாதக் கணக்கு திரட்டப்படும். பிறகு தேவை, உற்பத்தித் திறன் ஆகியவற்றை அந்தந்தத் துறைகள் அலசும். இடைவெளிகளை ஒரு முன்கூட்டம் சரிசெய்யும். தீராதது மட்டும் மேலாண்மையிடம் போகும்.

ஒரு மாதிரி ஆலையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3,000 டன் கிளிங்கர் எரிக்கும் சூளை. 30 நாள் மாதத்துக்கு 90,000 டன். ஓ.பி.சி. சிமென்டில் கிளிங்கர் 95 சதவீதம். அனல்மின் நிலையச் சாம்பல் சேரும் பி.பி.சி.யில் 65 சதவீதம் என வைப்போம். விற்பனையில் ஓ.பி.சி. 40, பி.பி.சி. 60 சதவீதம் என்றால், ஒரு டன் சிமென்டுக்குச் சராசரியாக 0.77 டன் கிளிங்கர் போகும்.

வடகிழக்குப் பருவமழையில் கட்டுமானம் படுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 1 லட்சம் டன் விற்பனை, அதற்கு 77,000 டன் கிளிங்கர். இந்த மந்தத்தில்தான் சூளையை 15 நாள் நிறுத்திச் செங்கல் மாற்றுவார்கள். காலாண்டு உற்பத்தி 2,25,000 டன், செலவு 2,31,000 டன். தொடக்கத்தில் 40,000 டன் இருப்பு இருந்தால் ஆண்டு முடிவில் 34,000 டன் மிஞ்சும். ஜனவரி முதல் மார்ச் வரை விற்பனை மாதம் 1.3 லட்சம் டன்னாக ஏறும்போது மாதத்துக்குச் சுமார் 10,000 டன் கிளிங்கர் பற்றாக்குறை விழும். கையிருப்பு அதை மயிரிழையில் தாங்கிவிடும். கூட்டத்தில் எல்லார் முகத்திலும் நிம்மதி!

இங்கேதான் பொறி. பாலம், சாலை வேலைகளுக்கு ஓ.பி.சி. கேட்கும் பெரிய ஒப்பந்தங்கள் வந்து, கலவை 60–40 என்று திரும்பினால் என்ன ஆகும்? மொத்த டன் ஒன்றுகூட மாறாது. விற்பனைத் துறை தன் கணிப்பு பலித்ததாகவே மார்தட்டும். ஆனால் சராசரி 0.83 ஆகி, மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட 20,000 டன் கிளிங்கர் துண்டு விழும். வெளியாலையிடம் வாங்கலாம், அல்லது பி.பி.சி.க்கு வாடிக்கையாளரைத் திருப்பலாம். செங்கல் மாற்றுவதைத் தள்ளிப்போடலாம் என்று யாராவது சொன்னால், சூளையின் மேலோட்டில் வெப்பம் ஏறும் இடங்களைக் காட்டி உற்பத்தித் தலைவர் மறுத்துவிடுவார். ஜனவரியில் தெரிந்தால் வழிகள் குறைவு. செப்டம்பரிலேயே தெரிந்திருந்தால் மழைக்கு முன்பே இருப்பைக் கூட்டியிருக்கலாம்.

அந்தக் கூடுதல் இருப்புக்கு நிதித் துறை எளிதில் தலையசைக்காது. டன்னுக்கு 3,000 ரூபாய் அடக்கம் என்று வைத்தால்கூட ஏற்கெனவே கணக்கில் உள்ள 34,000 டன்னே 10.2 கோடி ரூபாய் முடக்கம். கப்பலில் வரும் பெட்கோக் எரிபொருளுக்கு வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பதால், அந்தப் பணமும் சேர்ந்து நிற்கும். டன்னை ரூபாயாக மாற்றும் வேலையும் நேரானதல்ல. 2015-இல் தொடங்கிய அம்மா சிமென்ட் திட்டத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு மக்களுக்குப் போனது. அதற்காகத் தனியார் ஆலைகளிடமிருந்து டான்செம் கொள்முதல் செய்தது. அந்த வழியில் போகும் டன்னையும் டீலர் வழி டன்னையும் ஒரே வரியில் கூட்டினால் வருவாய்க் கணிப்பு முதல் மாதமே பொய்க்கும்.

கணிப்பின் அடித்தளத்திலேயே ஓர் ஓட்டை உண்டு. ஆலைகள் 'தேவை' என்று எழுதுவது பெரும்பாலும் டிஸ்பாட்ச் கணக்கை. மாதக் கடைசியில் இலக்கை எட்ட டீலர் கிடங்கில் தள்ளிய மூட்டைகளும் அதில் தேவையாகப் பதிவாகிவிடும். கண்டுபிடிப்பது கடினமல்ல: கடைசி வார டிஸ்பாட்ச் மட்டும் மாதாமாதம் வீங்கி, அடுத்த மாத முதல் வாரம் வற்றிப்போனால் அது தேவை அல்ல, தள்ளுமுள்ளு. டீலரிடமிருந்து கட்டுமான இடத்துக்குப் போன அளவைத் தனியே கேட்டு வாங்காத கூட்டம் தன் நிழலையே கணித்துக்கொண்டிருக்கிறது.

தேவையைக் குலைப்பது சிமென்டுக்கு வெளியிலும் இருக்கலாம். 2017-இல் தமிழகத்தில் ஆற்றுமணல் தட்டுப்பாடு வந்தபோது, மணல் கிடைக்காத கட்டடத்துக்குச் சிமென்டும் தேவைப்படவில்லை. கடந்த ஆண்டு விற்பனையோடு சில சதவீதம் கூட்டிப்போடும் கணிப்பில் இதற்கு இடமே கிடையாது. எனவே தேவை அலசலில் டன் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள் கட்டாயம் வேண்டும்: அந்த எண் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, அதில் ஓ.பி.சி. பங்கு எவ்வளவு. உற்பத்தித் துறை இரண்டாவது பத்தியை எடுத்து அடுத்த ஆறு மாதக் கிளிங்கர் இருப்பாகப் பெருக்கிக் காட்ட, நிதித் துறை அதே வரிசைக்கு ரூபாய் போட வேண்டும்.