ஸ்டீவன்சன் திட்டமும் தேவையின் நெகிழ்ச்சியும்: கெடா ரப்பர்த் தோட்டங்களின் அனுபவம், 1922–1946

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்துக் கித்தாத் தோட்டத்து மேனேஜர் எவரும் ரப்பருக்கு விலை வைத்ததில்லை. லண்டனிலும் சிங்கப்பூரிலும் அன்றாடம் முடிவாகும் விலைக்கே அவர் சரக்கை விற்றார். தன் தோட்டத்துச் சீட்டுக்கு ராத்தலுக்குக் காற்காசு கூட்டிக் கேட்டிருந்தால், வாங்குபவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருப்பார். நிர்வாகப் பொருளியலில் இதைத் தனி நிறுவனத்தின் தேவை முழு நெகிழ்ச்சி கொண்டது என்பார்கள். ஆனால் எல்லாத் தோட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து சரக்கைக் குறைத்தால் நிலைமை மாறும். 1922-இல் பிரிட்டிஷ் அரசு இதைத்தான் செய்துபார்த்தது. அந்த முயற்சி முதலில் பலித்துப் பின்னர் முறிந்ததற்கான காரணத்தை நெகிழ்ச்சியின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டத்தின் கணக்கு

முதல் உலகப் போருக்குப் பிந்தைய மந்தத்தில் ரப்பர் விலை ராத்தலுக்கு ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் பரிந்துரை 1922 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1920 அக்டோபரோடு முடிந்த ஓராண்டின் விளைச்சலே ஒவ்வொரு தோட்டத்துக்கும் அளவுகோல். முதலில் அதில் 60 விழுக்காட்டை மட்டுமே குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்யலாம். விலை ஒரு ஷில்லிங் 3 பென்ஸ் என்ற இலக்கை ஒட்டி நிற்க வேண்டும். மூன்று மாதச் சராசரி விலையைப் பார்த்து அடுத்த காலாண்டின் ஒதுக்கீடு கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும்.

இதன் அடியில் இருந்த ஊகம் எளிமையானது. காரின் மொத்தச் செலவில் டயருக்குள் இருக்கும் ரப்பர் ஒரு சிறு பங்குதான். ரப்பர் விலை இரட்டித்தாலும் கார் வாங்க வந்தவர் அதற்காகத் திரும்பிப் போகமாட்டார். ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய விதியும் இதுவே: ஒரு மூலப்பொருள் இறுதிப் பொருளின் செலவில் சிறு பங்காக இருந்து, அதற்கு மாற்றும் இல்லையென்றால், அதன் தேவை நெகிழ்ச்சி குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட சரக்கில் அளவைக் குறைத்தால் விலை அதைவிட அதிக விகிதத்தில் ஏறும். மொத்த வருவாய் கூடும்.

எந்த நெகிழ்ச்சி?

ஊகம் தவறில்லை. ஆனால் அது உலக ரப்பருக்கு உரிய நெகிழ்ச்சி. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் கையில் இருந்தது உலக விளைச்சலில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். டச்சுக் கிழக்கிந்தியா திட்டத்தில் சேரவில்லை. ஆகவே கணக்கில் கொள்ள வேண்டியது பிரிட்டிஷ் ரப்பருக்கு எஞ்சியிருந்த தேவையின் நெகிழ்ச்சி. அதைக் கணக்கிட, உலகத் தேவையின் நெகிழ்ச்சியோடு, வெளியாரின் பங்கையும் அவர்கள் அளிப்பின் நெகிழ்ச்சியையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைத் தன் பங்கால் வகுக்க வேண்டும்.

விளக்கத்துக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இவை அளந்த எண்கள் அல்ல. உலகத் தேவையின் நெகிழ்ச்சி 0.3, பிரிட்டிஷ் பங்கு 0.7 என்க. முதலாண்டில் வெளியாரால் எதுவும் கூட்ட முடியாது என்றால், 0.3-ஐ 0.7-ஆல் வகுத்து 0.43 பெறலாம். இது ஒன்றுக்குக் கீழே. குறைப்பு லாபம் தரும். சில ஆண்டுகள் கழித்து மாற்றுப் பொருள் வந்து தேவையின் நெகிழ்ச்சி 0.6 ஆகிறது. வெளியாரின் அளிப்பு நெகிழ்ச்சி 0.8, பிரிட்டிஷ் பங்கு 0.55. இப்போது 0.6-உடன் 0.36-ஐக் கூட்டி 0.55-ஆல் வகுத்தால் 1.75 வருகிறது. அதே திட்டம், அதே சரக்கு. ஆனால் இனி விலையை ஏற்றினால் வருவாய் குறையும்.

நடந்ததும் இந்தத் திசையில்தான். சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிறுதோட்டக்காரர்கள் முன்பே நட்டிருந்த மரங்களில் பல, விலை குறைந்தபோது பால் வெட்டப்படாமல் நின்றன. விலை ஏறியதும் அவற்றில் கத்தி விழுந்தது. 1922-க்கும் 1927-க்கும் இடையே டச்சுக் கிழக்கிந்திய ஏற்றுமதி இரு மடங்குக்கு மேல் பெருகியது. பிரிட்டிஷ் பங்கு பாதியை ஒட்டிச் சுருங்கியது.

1925 காட்டிய பொய்த் தோற்றம்

இந்தச் சரிவு உடனே கண்ணில் படாததற்கு 1925 ஒரு காரணம். அவ்வாண்டு அமெரிக்காவில் கார் விற்பனை பெருகியது. ஒதுக்கீடோ காலாண்டுக்கு ஒருமுறை, சிறு படிகளாகவே கூடியது. சரக்கு தேவைக்குப் பின்னால் ஓடியது. விலை 4 ஷில்லிங் 8 பென்ஸ் வரை சென்றது. இலக்கைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அத்தனை விலையிலும் அமெரிக்காவின் ரப்பர் நுகர்வு முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது.

விலையையும் நுகர்வையும் மட்டும் அருகருகே வைத்தால், விலை ஏறினால் வாங்குவது கூடும் என்ற விபரீத முடிவு கிடைக்கும். உண்மையில் தேவைக்கோடு முழுவதுமே வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அதே கோட்டின் மீது நகர்ந்ததாக அதைப் படித்ததே பிழை. விலை நிர்ணயிக்கும் நிறுவனங்கள் இன்றும் செய்யும் பிழை இது. வருமானம், மற்றச் சரக்குகளின் விலை ஆகிய பிற காரணங்களைப் பிரித்தெடுக்காமல் விற்பனைக் கணக்கிலிருந்து நெகிழ்ச்சியைப் படித்தால், தேவை வளரும் காலத்தில் அது உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

உண்மையைக் காட்டிய அடையாளம் வேறோர் இடத்தில் இருந்தது: பழைய டயரை அரைத்து மீட்டெடுக்கும் ரப்பரின் அளவு. 1920-களின் தொடக்கத்தில் சிறிதாக இருந்த அது, 1928 வாக்கில் அமெரிக்காவின் புது ரப்பர் நுகர்வில் ஏறத்தாழ பாதிக்குச் சமமாகியது. வணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் சிக்கனப் பிரசாரமே நடத்தினார். ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926-இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் குத்தகைக்கு ஒப்பந்தம் செய்தது. ஃபோர்டு பிரேசிலில் தோட்டம் தொடங்கினார். வாங்குபவரே தோட்டக்காரராவதும் நெகிழ்ச்சிதான். கெடாவிலேயே பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டம் அமெரிக்க ரப்பர் நிறுவனம் ஒன்றின் உடைமையாக இருந்தது.

பிந்திய விளைவு

1928 நவம்பர் 1-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் உயர்ந்த விலையைப் பார்த்து நட்ட கன்றுகளைத் திரும்பப் பிடுங்க முடியாது. கித்தா மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். 1925-இன் விலையைப் பார்த்து நட்ட மரங்கள் பெருமந்தத்தின் நடுவில் வெட்டுக்கு வந்தன. 1932-இல் ராத்தல் விலை 2 பென்ஸுக்கும் கீழே போனது. வீழ்ச்சிக்கு முதற்காரணம் அமெரிக்கத் தேவை சரிந்தது. முன்பு நட்டவை அதை ஆழமாக்கின.

விலையை மாற்ற முடியாத தோட்டம், மாற்றக்கூடிய ஒரே எண்ணில் கை வைத்தது: கூலி. கூலி குறைக்கப்பட்டது. 1930-க்கும் 1932-க்கும் இடையே மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கெடா லயங்களில் நெகிழ்ச்சியின் பொருள், பெரட்டில் பெயர் கூப்பிடப்படாத ஆள்.

1934-இல் வந்த சர்வதேச உடன்படிக்கை டச்சு நாட்டையும் சேர்த்து, முதற்பிழையைத் திருத்தியது. வெளியாரின் அளிப்பு கட்டுக்குள் வந்ததால் கூட்டமைப்பின் தேவை மீண்டும் நெகிழ்ச்சி குறைந்தது. ஆனால் மாற்றுப் பொருளை எந்த உடன்படிக்கையும் கட்டுப்படுத்த முடியாது. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. போர் முடிந்தும் அவை மறையவில்லை. 1946-க்குப் பின் இயற்கை ரப்பருக்கு விலை யோசிப்பவர் எவரும் அந்த ஆலைகளின் விலையை முதலில் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டீவன்சன் குழு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி விலை எவ்வளவு என்பதல்ல. இந்த விலையைப் பார்த்து யார், எத்தனை ஆண்டுகளில், என்ன நடுவார்கள் என்பதே.