குறைந்தபட்ச ஊதிய நிலுவை

அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் தொழிலாளி கையில் வாங்கிய கூலிக்கும் இடையே மாதாமாதம் சேர்ந்த வித்தியாசமே ஊதிய நிலுவை. குறைந்த கூலிக்குத் தொழிலாளியே ஒப்புக்கொண்டிருந்தாலும், அந்த ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். நசரத்பேட்டையில், வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு குடோனில் காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவருக்கு நாளுக்கு 500 ரூபாய் சேர வேண்டும், 400தான் கொடுக்கிறார்கள் என்று கொள்வோம். மாதம் 26 நாள் வீதம் 14 மாதத்துக்கு நிலுவை 36,400 ரூபாய். ஓவர்டைம் காசையும் சேர்த்து மாதச் சம்பளமாகக் காட்டினால் குறை வெளியே தெரியாது. ஓவர்டைம் தனிக்கணக்கு, அதைக் கழித்துவிட்டு, எஞ்சியதை வேலை செய்த நாட்களால் வகுத்தால் உண்மையான தினக்கூலி தெரிந்துவிடும். அதை அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த விகிதத்தோடு, பஞ்சப்படியையும் சேர்த்து, ஒப்பிட வேண்டும்.

இந்த 36,400இல் எவ்வளவு கைக்கு வரும் என்பதைக் காலவரம்பு தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூலி தர வேண்டிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி அதிகாரியை ஏற்கவைக்காவிட்டால், கடைசி 6 மாதத்துக்கான 15,600 ரூபாய்தான் கிடைத்திருக்கும். வேலை போய்விடுமே என்று பயந்து பேசாமல் இருந்த மாதங்களெல்லாம் முதலாளிக்கே லாபமாயின. இது அந்தச் சட்டத்தின் பெரிய குறை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தக் கெடுவை 3 ஆண்டாக நீட்டியது. நிலுவையோடு, அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடும் அதிகாரி விதிக்கலாம். கூலியைச் சரியாகக் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. சம்பளச் சீட்டே தராத இடத்தில் வேலை செய்தவருக்கு இது பெரிய ஆதரவு. ஆனாலும் அங்கே வேலை பார்த்ததைக் காட்டச் சான்று தேவைப்படும். வருகைப் பதிவின் படம், வங்கிக் கணக்கு வரவு, பி.எஃப். பதிவு, கேட் பாஸ் போன்றவை உதவும்.

தமிழ்நாட்டில் இந்த நிலுவை பெரிய அளவில் எழுந்தது ஆடைத் தொழிலில். 2014இல் அரசு உயர்த்திய ஊதியத்தை எதிர்த்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. அரசாணை செல்லும் என்று 2016இல் தீர்ப்பு வந்தபோது, வழக்கு நடந்த காலத்துக்கான வித்தியாசம் அரியர்ஸாகக் குவிந்திருந்தது. இதற்குள் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போய்விட்டவர், பழைய இடத்தின் பதிவேட்டில் தன் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

அதிகாரி உத்தரவிட்டும் முதலாளி கொடுக்காவிட்டால், வசூல் சான்றிதழ் மாவட்ட ஆட்சியருக்குப் போகும்; நிலவரிப் பாக்கியைப்போல அந்தத் தொகை வசூலிக்கப்படும். காண்ட்ராக்டர் காணாமல் போனாலும் தொகை அழிந்துவிடாது. தொழிலாளி வேலை செய்த நிறுவனத்தின் உரிமையாளரே அதைக் கொடுக்க வேண்டும்.