பிரானி மானியும் மின்தேக்கு மானியும்

வெற்றிடக் கலத்தில் எஞ்சியிருக்கும் வாயுவின் அழுத்தத்தை அளக்கப் பயன்படும் இரு கருவிகள். சூடான கம்பியிலிருந்து வாயு எவ்வளவு வெப்பத்தை எடுத்துச்செல்கிறது என்பதை பிரானி மானி கவனிக்கிறது. மெல்லிய தகடொன்றை வாயு எவ்வளவு தள்ளுகிறது என்பதை மின்தேக்கு மானி கவனிக்கிறது. ஒரே கலத்தில் இரண்டையும் பொருத்திவைத்தால், உள்ளிருக்கும் வாயு மாறும்போது அவை காட்டும் எண்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். மருந்துகளை உறையவைத்து உலர்த்தும் தொழிற்சாலைகளில் இந்த விலகலே ஒரு தகவலாகப் பயன்படுகிறது. எனவே இக்கட்டுரை அந்தத் தொழிலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பிரானி மானி

மார்செல்லோ பிரானி பெர்லினில் சீமென்ஸ் உண்ட் ஹால்ஸ்கே நிறுவனத்தின் மின்விளக்குத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். அக்காலத்தில் குமிழ்களின் வெற்றிடத்தைச் சோதிக்கப் பாதரசம் நிரம்பிய கண்ணாடி மானிகளே இருந்தன. அவை எளிதில் உடைந்தன; ஒவ்வொரு அளவீட்டுக்கும் பாதரசத்தை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. விளக்கின் இழையையே அழுத்தமானியாக்கலாம் என்று பிரானி 1906-இல் காட்டினார்.

இன்றைய பிரானி மானியிலும் இருப்பது அதே ஏற்பாடுதான். முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் அல்லது பிளாட்டினக் கம்பி, சமனச்சுற்று ஒன்றின் ஒரு கையாக அமைந்திருக்கும். அதன் வெப்பநிலை, பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ் அளவில், மாறாமல் நிறுத்தப்படும். வாயு மூலக்கூறுகள் கம்பியில் மோதி, வெப்பத்தைச் சுமந்து குழாய்ச் சுவருக்குப் போகின்றன. இழந்த வெப்பத்தை ஈடுகட்டத் தேவைப்படும் மின்சக்திதான் அளக்கப்படுகிறது. திரையில் தெரியும் அழுத்தம் அதிலிருந்து கணக்கிட்ட எண்.

இதன் வீச்சுக்கு இருபுறமும் எல்லை உண்டு. சுமார் 10 மில்லிபாருக்கு மேலே மூலக்கூறுகள் ஒன்றோடொன்றே மோதிக்கொள்வதால், வாயுவின் வெப்பக் கடத்துத்திறன் அழுத்தத்தைச் சார்ந்திருப்பதை நிறுத்திவிடுகிறது. அங்கே மானி ஏறக்குறைய மரத்துப்போகிறது. 0.001 மில்லிபாருக்குக் கீழே வாயு எடுத்துச்செல்லும் வெப்பம் மிகவும் சொற்பம். கதிர்வீச்சாலும் கம்பியின் இரு முனைகள் வழியாகவும் கசியும் வெப்பம் அதை மூழ்கடித்துவிடுகிறது.

மின்தேக்கு மானி

பட்டறைகளில் இதைக் கெபாசிட்டன்ஸ் மேனோமீட்டர் என்பார்கள். ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் வணிகப் பெயரான பாராட்ரான் என்பதையே பொதுப்பெயராகச் சொல்பவர்களும் உண்டு. இழுத்துக் கட்டிய உலோக அல்லது பீங்கான் தகடு ஒன்றின் ஒரு பக்கம் கலத்தை நோக்கித் திறந்திருக்கும். மறுபக்கம் மிக உயர்ந்த வெற்றிடத்தில் நிரந்தரமாக மூடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் தகட்டுக்கு மிக அருகே மின்முனைகள் அமைந்திருக்கும். அழுத்தம் தகட்டை வளைக்கும்போது இடைவெளி மாறுகிறது, மின்தேக்குத்திறன் மாறுகிறது. தகடு உணர்வது பரப்பின் மேல் விழும் விசையை மட்டுமே என்பதால், தள்ளுவது ஹைட்ரஜனா நீராவியா என்பது அதற்குப் பொருட்டில்லை.

இந்த விதிக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. அறை வெப்பம் மாறுவதால் எண் நகராமலிருக்க, நல்ல மானிகளின் தலைப்பகுதி 45 டிகிரியிலோ அதற்கு மேலோ சூடாக வைக்கப்படுகிறது. கலம் 23 டிகிரியில் இருந்தால், மிகக் குறைந்த அழுத்தத்தில் சூடான பக்கத்து அழுத்தம் குளிர்ந்த பக்கத்தைவிடக் கூடும். இரு தனி வெப்பநிலைகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால், இந்த எடுத்துக்காட்டில் 3.6 சதவீத மிகை வருகிறது. அழுத்தம் ஏற ஏற இது தேய்ந்துவிடும். எந்த அழுத்தத்தில் தேயும் என்பது வாயுவைப் பொறுத்தது.

வாயு மாறினால் எண் ஏன் மாறுகிறது

குறைந்த அழுத்தத்தில் கம்பி இழக்கும் வெப்பத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, மூலக்கூறின் வேகம். இலேசான மூலக்கூறு விரைவாக ஓடுவதால் அடிக்கடி வந்து மோதும். இரண்டாவது, ஒரு மோதலில் அது எடுத்துக்கொள்ளக்கூடிய ஆற்றல். ஒற்றை அணுவான ஆர்கானால் ஓட மட்டுமே முடியும். நைட்ரஜனும் நீரும் சுழலவும் செய்வதால் கூடுதலாகச் சுமக்கும். இவ்விரண்டையும் சேர்த்தால், ஒரே அழுத்தத்தில் வெப்ப இழப்பு பின்வரும் அளவுக்கு விகிதமாக அமையும்:

```
(γ + 1) / (γ − 1) × 1 / √M
```

இதில் M மூலக்கூற்று எடை; γ வாயுவின் இரு வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம். நைட்ரஜனை 1 என்று கொண்டால், ஆர்கானுக்கு 0.56 என்றும் நீராவிக்கு ஏறக்குறைய 1.5 என்றும் விடை வருகிறது. தயாரிப்பாளர்களின் அட்டவணைகளும் ஆர்கானுக்கு இதை ஒட்டியே பேசுகின்றன: மானி காட்டும் எண்ணை சுமார் 1.7-ஆல் பெருக்கினால் உண்மையான அழுத்தம் கிடைக்கும்.

ஹீலியத்தில் கணக்கு உதைக்கிறது. சூத்திரப்படி அது நைட்ரஜனைப்போல் 1.76 மடங்கு காட்ட வேண்டும், மானியோ 1.25 மடங்குதான் காட்டுகிறது. இங்கேதான் மூன்றாவது காரணி வருகிறது. கம்பியில் மோதும் மூலக்கூறு அதன் வெப்பநிலையை முழுமையாக ஏற்றுக்கொண்டு திரும்புவதில்லை. ஹீலியமும் ஹைட்ரஜனும் மிக இலேசானவை என்பதால், பாதி வெப்பத்தைக்கூட வாங்காமல் துள்ளிப் போய்விடும். எவ்வளவு வாங்கும் என்பது கம்பியின் மேற்பரப்பைப் பொறுத்தது. அதன்மேல் எண்ணெய்ப்படலமோ ஆக்சைடோ படிந்தால் அந்த அளவு மாறிவிடும். ஆகவே அட்டவணையில் அச்சிட்ட திருத்தக் காரணி புதிய, சுத்தமான கம்பிக்கு உரியது. ஐந்து ஆண்டு உழைத்த மானிக்கு அதை இரண்டாம் தசமம் வரை நம்புவது வீண்.

ஒரு மில்லிபாருக்கு மேலே இந்த எளிய பெருக்கலும் செல்லாது. வெப்பச்சலனத்தையும் பயன்படுத்தி வளிமண்டல அழுத்தம் வரை அளக்கும் பிரானி வகைகளில் இது ஆபத்தாகவே முடியும். ஒரு பிரபலமான வகையில், கலத்தில் 760 டார் ஆர்கான் நிரம்பியிருக்கும்போது திரையில் தெரிவது சுமார் 24 டார்தான். எண் 760-ஐ எட்டட்டும் என்று வால்வைத் திறந்தே வைத்திருப்பவர், கலத்தின் கண்ணாடிச் சாளரம் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவார்.

உறைநிலை உலர்த்தலில் இரு மானிகள்

தடுப்பூசி போன்ற மருந்துக் கரைசல்களைச் சிறு குப்பிகளில் உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்குவது இந்த முறை. கல அழுத்தம் 100 மில்லிடார், அதாவது 0.13 மில்லிபார், என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்படுத்துவது மின்தேக்கு மானி. அழுத்தம் குறைந்தால் அது சிறிது நைட்ரஜனை உள்ளே விடும்.

உலர்த்தல் தொடங்கிய சில மணி நேரத்தில் கலத்தில் இருப்பது ஏறக்குறைய முழுக்க நீராவிதான். மின்தேக்கு மானி 100 என்கிறது. பிரானி 160 அளவில் நிற்கிறது. பனி தீரத் தீர நீராவி வரத்து குறைகிறது. அழுத்தத்தைக் காக்க நைட்ரஜன் அதிகமாக நுழைகிறது. பிரானியின் கோடு வளைந்து இறங்கி 100-ஐ நெருங்குகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் பனி தீர்ந்தது என்று பொருள்; அதன்பிறகே தட்டுகளின் வெப்பநிலையை உயர்த்தலாம். பனி எஞ்சியிருக்கும்போது உயர்த்தினால் மருந்துக் கட்டி குப்பிக்குள்ளேயே உருகிச் சரிந்துவிடும்.

கோடு ஒரே அடியாக விழுவதில்லை. சுவரோரக் குப்பிகள் முதலில் காயும். நடுவில் இருப்பவை பின்தங்கும். பல நூறு குப்பிகளில் ஓரிரண்டு மட்டும் ஈரமாக இருந்தால் பிரானிக்கு அது தெரியவே தெரியாது. அதனால் கோடு தட்டையான பிறகும் சில மணி நேரம் சேர்த்து விடுவது வழக்கம்.

கட்டுப்பாட்டையே பிரானியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? அது 100 என்று காட்டும்போது உண்மையில் இருப்பது சுமார் 62 மில்லிடார். பனி தீரும் தறுவாயில் உண்மையான அழுத்தம் தானாகவே 100-க்கு ஏறும், திரையில் எந்த மாற்றமும் தெரியாமல். அழுத்தம்தான் பனியின் வெப்பநிலையை நிர்ணயிப்பதால், ஒரே செய்முறைக் குறிப்பு இரு இயந்திரங்களில் இரு விதமான மருந்தைத் தரும். பழைய இயந்திரத்திலிருந்து புதியதற்கு மாறும்போது எழும் பல தலைவலிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சோதித்தல்

இயந்திரத்திலேயே செய்யக்கூடிய சோதனை எளிது. காலியான, நன்றாக உலர்ந்த கலத்தில் உலர்ந்த நைட்ரஜனை விட்டு 50, 100, 200 மில்லிடாரில் அழுத்தத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். நைட்ரஜனில் இரு மானிகளும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், விலகும் விதமே பிழையின் வகையைக் காட்டிவிடும். மூன்று புள்ளிகளிலும் பிரானி 5 மில்லிடார் கூடுதலாகவே காட்டுகிறது என்றால் எங்கோ சுழி நகர்ந்திருக்கிறது. மூன்றிலும் 5 சதவீதம் கூடுதல் என்றால் உணர்திறன் மாறியிருக்கிறது. 100-இல் மட்டும் சோதிப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சுழி நகர்வில் பிரானியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கு முன்பும் கலத்தை 121 டிகிரி நீராவியால் கிருமிநீக்கம் செய்வார்கள். அந்தச் சூட்டில் மின்தேக்கு மானியின் தகடும் கொஞ்சம் இடம்பெயரும். அதை மறுபடியும் சுழிக்குக் கொண்டுவரும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ஒரு டார் வரை அளக்கும் மானியைச் சுழியாக்க, அதன் மிகச்சிறிய வாசிப்பைவிடக் குறைந்த அழுத்தம் தேவை. ஆனால் −60 டிகிரியில் உள்ள குளிர்பொறியில் பனி படிந்திருந்தால், அந்தப் பனியின் ஆவியழுத்தமே 8 மில்லிடார். அந்த நிலையில் பொத்தானை அழுத்திச் சுழியாக்கினால், இனி எல்லா வாசிப்பும் 8 மில்லிடார் குறைவாகவே வரும். 100 என்று திரை சொல்லும்போது கலத்தில் 108 இருக்கும். மானியைக் கழற்றி, தனி உயர்வெற்றிடப் பம்பில் பொருத்தி, முழுதும் சூடேறும் வரை பொறுத்து, இயந்திரத்தில் நின்ற அதே கோணத்தில் வைத்துச் சுழியாக்குவதே முறை. சாய்த்து வைத்தால் தகட்டின் சொந்த எடைகூட எண்ணை நகர்த்தும்.

பிரானியின் சுழியையும் உயர்வெற்றிடத்திலேயே பார்க்க வேண்டும். அங்கே அது சுழிக்கு மேலே நின்றால், கம்பியில் படிந்த அழுக்கு கதிர்வீச்சைக் கூட்டியிருக்கலாம். கரைப்பானால் கழுவிப் பார்க்கலாம். சரியாகாவிட்டால் உணரியை மாற்றுவதே சிக்கனம்.

ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் பெரும்பாலும் நேரடி ஒப்பீட்டு முறையில் நடக்கிறது. ஐஎஸ்ஓ 3567 அதற்கான பொது நெறி. பிரானிக்கு 19685, மின்தேக்கு மானிக்கு 20146 என்று தனி நெறிகளும் உண்டு. சோதிக்கும் மானியும் சான்று பெற்ற மானியும் ஒரே கலத்தில், வாயு நுழையும் வழிக்கும் பம்புக்கும் சமச்சீரான இடங்களில் பொருத்தப்படுகின்றன. அழுத்தம் படிப்படியாக ஏற்றப்பட்டு, ஒவ்வொரு படியிலும் நிலைத்த பிறகே எண் குறிக்கப்படுகிறது. ஒப்பீட்டு மானியாக இருப்பது பெரும்பாலும் இன்னொரு மின்தேக்கு மானிதான். பிரானிக்குக் கிடைக்கும் சான்றிதழ் வழக்கமாக நைட்ரஜனுக்கு உரியது. நீராவியில் அது 1.6 மடங்கு காட்டுமா, 1.5 மடங்கா என்பது அந்தத் தாளில் இருக்காது. அதை அந்தந்த இயந்திரத்தில், பனி நிரம்பிய தட்டுகளை ஏற்றி, மின்தேக்கு மானியின் பக்கத்தில் வைத்தே அறிய முடியும்.