பெரிய படத்திலா, சுருக்கிய படத்திலா: தேயிலைப் படத்தைக் கூர்மையாக்கும் இரு வழிகள்

ஊவாத் தேயிலைக்குப் பேர்போன பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று வறண்டு வீசும் அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தூளை 100 கிராம், 200 கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டி, பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் காட்டலொக்கிலும் படம் போட்டு விற்பவர்கள் உண்டு. வாங்குபவர் கையில் இருப்பது பெரும்பாலும் மலிவான ஃபோன். அதன் திரை அகலம் 720 புள்ளி. பொருள்களை இரண்டிரண்டாக அடுக்கிக் காட்டும் பக்கத்தில் ஒரு படத்துக்கு அதில் கிடைப்பது ஏறத்தாழ 340 புள்ளிதான். அந்தச் சின்னச் சதுரத்தில் பாக்கெட் மங்கித் தெரிந்தால் விரல் அடுத்த படத்துக்குப் போய்விடும். அதனால் விற்பவர்கள் படத்தைக் கூர்மையாக்குகிறார்கள். அதை எந்தக் கட்டத்தில் செய்வது என்பதில்தான் இரு வழிகள் பிரிகின்றன.

முதல் வழி எல்லோருக்கும் பழகியது. ஃபோனில் எடுத்த முழுப் படத்தை Snapseed போன்ற செயலியில் திறந்து, Details பகுதியில் Structure, Sharpening இரண்டையும் கண்ணுக்குப் பிடிக்கும்வரை ஏற்றி, சேமித்து, அப்படியே பதிவேற்றுவது. இரண்டாவது வழியில் படத்தை முதலில் வெட்டி, 1080 புள்ளிச் சதுரமாகச் சுருக்கி, அதன் பிறகே கூர்மையாக்க வேண்டும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வரிசை மட்டும் மாறுகிறது. விளைவோ வெகுவாக வேறுபடுகிறது.

ஏன் என்று பார்க்க, கூர்மையாக்கும்போது நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாத நுணுக்கத்தை எந்தச் செயலியும் இதனால் கொண்டுவருவதில்லை. இருளும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில், இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிறச் செய்கிறது. அந்த மெல்லிய இரட்டைக் கோட்டைக் கண் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. இருட்டறைக் காலத்திலேயே இதைச் செய்தார்கள். நெகட்டிவோடு அதன் மங்கலான பொசிட்டிவ் நகலைச் சேர்த்து அச்சிடுவார்கள். இன்றும் மென்பொருளில் Unsharp Mask என்ற பெயர் இருப்பது அதனால்தான்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பசறைப் பக்கத்து வீட்டு வாசலில், வெள்ளைச் சாசரில் கொஞ்சம் பீஓபிஎஃப் தூளைக் கொட்டி, பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் லேபல் ஒட்டிய பாக்கெட்டை நிறுத்தி எடுத்த படம். சதுரமாக வெட்டியதும் 3000 புள்ளி அகலம் இருக்கிறது. முழு அளவில் கூர்மையாக்கினால் அந்த இரட்டைக் கோடு ஒவ்வொரு பக்கமும் 2 புள்ளி அகலத்தில் விழும் என்று வையுங்கள். தளம் அதை 1080ஆகச் சுருக்கும்போது கோடு ஒரு புள்ளிக்கும் குறைகிறது. 340 புள்ளிக் கட்டத்துக்கு வரும்போது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதால், கறுப்புக் கோடும் வெள்ளைக் கோடும் ஒரே புள்ளிக்குள் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. விற்பவரின் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தபோது பளிச்சென்று இருந்த படம் வாங்குபவரின் திரையில் பழையபடி மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்து நடப்பதுதான் பெரிய கேடு. போதவில்லை என்று Structure அளவை இன்னும் ஏற்றுகிறார்கள். Structure அகலமான பட்டையில் வேலை செய்வதால் சுருக்கிய பிறகும் தாக்குப்பிடிக்கும். ஆனால் பாக்கெட்டைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு கிளம்பும். லேபலில் தமிழ் எழுத்தின் மேல்புள்ளியைச் சுற்றி வெண்மை ஏறும். சிங்கள எழுத்துகளின் வளைவுக்குள் இருக்கும் சிறு வெளி அடைந்துபோகும். தளம் படத்தை மறுபடி அமுக்கிச் சேமிக்கையில் எழுத்தோரங்களில் பொடிப்பொடியாக அழுக்கும் சேரும்.

சாசரில் உள்ள தூளுக்கு வரும் சேதத்தை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். கறுப்புத் தேயிலையின் இருண்ட பக்கம் ஏற்கெனவே கறுப்பு. அதை அதற்கு மேல் இருட்டாக்க இடமில்லை. வெளிச்சப் பக்கம் மட்டும் வெளிறிக்கொண்டே போகிறது. சுருக்கும்போது அந்த வெளிறல் எல்லாம் கலந்து தூள் முழுவதும் சாம்பல் பூத்துத் தெரியும். பெக்டரியில் சலிக்கும்போது அளவுக்கு மீறி உராய்ந்து மினுமினுப்புப் போன தூளும் இப்படித்தான் சாம்பல் நிறமாக இருக்கும். தேயிலை தெரிந்தவர் கண்ணில் அது தரக்குறைவு. வெளிறிய துணுக்குகள் நாரும் காம்பும் கலந்ததுபோலவும் தோன்றும். நல்ல தூளை விற்பவர் தன் கையாலேயே அதை மட்டமான தூளாகக் காட்டிவிடுகிறார்.

இரண்டாவது வழியில், சுருக்கும்போதே தூளின் சொரசொரப்பும் காமராவின் இரைச்சலும் ஓரளவு அடங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு போடும் கூர்மை, திரைக்குப் போகும் புள்ளிகளின் மேலேயே விழுகிறது. சிறிதளவே போதும். கணினியில் GIMP இருந்தால் Scale Image மூலம் 1080 ஆக்கி, Unsharp Mask-இல் Radius 0.6, Amount 0.7 என்று தொடங்கலாம். சதுரமாக வெட்டிய படங்கள் நிறைய இருந்தால் ImageMagick ஒவ்வொன்றையும் ஒரே வரியில் முடிக்கும்:

```
magick thool.jpg -auto-orient -resize 1080x1080 -unsharp 0x0.6+0.7+0.02 -quality 85 thool-1080.jpg
```

-unsharp எண்களில் கடைசியாக வரும் 0.02, மெல்லிய வேறுபாடுகளைத் தொடாமல் விடச் சொல்கிறது. வெற்றுப் பின்னணியில் இரைச்சல் கிளம்பாது. தூள் இன்னும் வெளிறினால், GIMP-இல் அடுக்கை நகலெடுத்து, நகலை மட்டும் கூர்மையாக்கி, அதன் Mode-ஐ Darken only என்று வைத்தால் எந்தப் புள்ளியும் முன்பைவிட வெளிறாது. கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கணினி இல்லாதவர் ஃபோனிலேயே முதலில் சுருக்கிச் சேமித்து, சேமித்த படத்தைத் திரும்பத் திறந்து Sharpening-ஐ மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். Structure வேண்டாம்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. 1080ஐ 340ஆகச் சுருக்குவது தளத்தின் வேலை, நம் கையில் இல்லை. அந்த மூன்று மடங்குச் சுருக்கத்தில் நாம் போட்ட கூர்மையிலும் ஒரு பகுதி போகும். படத்தைத் தட்டித் திறந்து முழு அகலத்தில் பார்க்கும்போதுதான் இரண்டாவது வழியின் முழுப் பலன் தெரியும். சின்னக் கட்டத்தில் இதைவிட உதவுவது நெருக்கமாக வெட்டுவதுதான். லேபலின் பெயர் படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தால், கட்டத்தில் 42 புள்ளி உயரத்தில் வாசிக்கக் கிடைக்கும். '100 கிராம்' என்ற பொடி எழுத்து ஐம்பதில் ஒரு பங்குதான் என்றால் 7 புள்ளிகூட வராது. எந்தக் கூர்மையும் அதை வாசிக்க வைக்காது. எடையை விவரத்தில் எழுதிவிடுவதே வழி.

முதல் வழியை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. அதே படத்தை நோட்டீஸாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் முழு அளவுப் படமே வேண்டும். அப்போது கூர்மையையும் அந்த அளவில்தான் போட வேண்டும். ஆகவே மூலப் படத்தைத் தொடாமல் வைத்து, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு நகல் எடுப்பது நல்லது. ஃபோனின் காமரா தானாகவே ஒருமுறை கூர்மையாக்கித்தான் படத்தைத் தருகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டு வழியும் கைவிடும் படமும் இருக்கிறது. லயத்து அறைக்குள், மாலை வெளிச்சத்தில் எடுத்த படத்தை முழு அளவில் திறந்து பாருங்கள். எழுத்துகள் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது. சாசரின் பின்விளிம்பு தெளிவாகவும் லேபல் மங்கலாகவும் இருந்தால் குவியம் தவறியிருக்கிறது. கூர்மையாக்கினால் அந்த இரட்டைக்கும் மங்கலுக்கும்கூட விளிம்பு கட்டும், அவ்வளவுதான். மேகம் மூடிய பகலில் சாசரை வாசலுக்குக் கொண்டுபோய், ஃபோனை ஒரு பெட்டியில் சாய்த்து வைத்து, லேபலின் மேல் விரலால் தொட்டுக் குவித்து, மறுபடி எடுக்க வேண்டும்.